‘மா’ அடித்தால் மூடிக்கொள்ளும் பத்திரம்

வேலூர் சத்துவாச்சாரியில் நீதிமன்ற வளாகத்துக்கு நடக்கிற தூரத்தில் எனக்கு ஒரு சின்ன டைப்பிங் கடை. மனு, பத்திர வரைவு, வாடகை ஒப்பந்தம், இதுதான் பிழைப்பு. கடையில் லினக்ஸ், லிப்ரே ஆபீஸ், தமிழ்99. நாள் முழுக்கக் கன்ட்ரோல் விசையை அழுத்தி அழுத்தி இடது சுண்டுவிரல் சாயங்காலமானால் விண்விண்ணென்று தெறிக்கும். அதற்கு மருந்தாகத்தான் விசைகளை மாற்றியமைக்கும் `keyd` என்ற கருவி என் கணினிக்குள் வந்தது. சொன்னவன் அக்கா மகன், பெங்களூரில் புரோகிராம் எழுதுகிறவன்.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். யாருக்கும் பயனில்லாமல் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற கேப்ஸ் லாக்கை, தட்டினால் எஸ்கேப், அழுத்திப் பிடித்தால் கன்ட்ரோல் என்று மாற்றினேன். ஒரே வரி. மாதக்கணக்கில் ஒரு குறையும் இல்லை. குறை என்றால் ஒன்றே ஒன்று. கன்ட்ரோல் என்று நினைத்து அழுத்திவிட்டு, மனம் மாறி, வேறெதையும் தொடாமல் விரலை எடுத்தால் அது ‘தட்டல்’ என்று கணக்காகி எஸ்கேப் போய்விடும்; திறந்திருந்த பெட்டி மூடிக்கொள்ளும். `keyd`-யின் அமைப்புக் கோப்பில் `[global]` பகுதியில் `overload_tap_timeout = 300` என்று எழுதினேன். அதற்குமேல் பிடித்திருந்தால் அது தட்டல் ஆகாது. அத்தோடு தீர்ந்தது.

நன்றாக ஓடுவதை அப்படியே விடுகிற குணம் எனக்கு இல்லை. “கேப்ஸ் லாக்கும் சுண்டுவிரல்தானே மாமா, நடு வரிசை எழுத்துகளிலேயே கன்ட்ரோலை வைங்க. கை நகரவே வேணாம்” என்றான் அவன். `k` விசையைத் தட்டினால் k, பிடித்தால் கன்ட்ரோல். அவன் அப்படித்தான் வைத்திருக்கிறான். சரி என்று நானும் வைத்தேன்.

```
[main]
capslock = overload(control, esc)
k = overloadt2(control, k, 200)
```

கேப்ஸ் லாக்குக்கும் `k`வுக்கும் உள்ள வித்தியாசத்தை அப்போது நான் யோசிக்கவில்லை. கேப்ஸ் லாக் எழுத்து அல்ல. ஒரு சொல்லின் நடுவில் விரல் அங்கே போகாது. ஆகவே அது அழுத்தப்பட்டிருக்கும்போது இன்னொரு விசை விழுந்தால், அது கன்ட்ரோலுக்காகத்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யலாம். `overload` செய்வது அதுதான். எழுத்து விசையில் அந்த நிச்சயம் கிடையாது. வேகமாக அடிக்கிற யாருமே ஒரு விசையை முழுக்க விட்டுவிட்டு அடுத்ததை அழுத்துவதில்லை. முதல் விரல் எழும்பும் முன் அடுத்த விரல் இறங்கிவிடும். அதனால்தான் எழுத்துக்கு `overloadt2`. இது உடனே முடிவெடுக்காமல் காத்திருக்கும். 200 மில்லிசெகண்டுக்கு மேல் பிடித்திருந்தால் கன்ட்ரோல். அதற்குள்ளேயே இன்னொரு விசை முழுசாக அழுத்தி விடப்பட்டால் அதுவும் கன்ட்ரோல். மற்றபடி எழுத்து.

ஒரு வாரம் ஓடியது. அடித்த எழுத்து திரையில் வருவதில் ஒரு மயிரிழை தாமதம், ஏனென்றால் விரலை எடுத்த பிறகுதான் அது எழுத்தா இல்லையா என்று தெரியவரும். அதற்குப் பழகிக்கொண்டேன்.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை. காட்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், கூட மகளும் மருமகனும், கிரயப் பத்திரம். சொத்து விவரத்துக்கு வந்துவிட்டேன். ‘வேலூர்’ என்று அடித்துவிட்டு, பழக்க தோஷத்தில் ஒரு தடவை சேமித்துக்கொண்டு, ‘மாவட்டம்’ என்று தொடங்கினேன். திரையில் ஒன்றுமே இல்லை. டெஸ்க்டாப் படம் மட்டும் இருந்தது. மொத்த ஆபீஸும் மூடிக்கொண்டுவிட்டது, “சேமிக்கவா?” என்றுகூடக் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, அந்த நொடிதானே சேமித்தேன். “கரண்ட் போச்சாப்பா?” என்றார் பெரியவர். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

## தமிழ்99-இல் ‘மா’ என்பது என்ன

தமிழ்99 அடிக்கிறவர்கள் இதற்குள் சிரித்திருப்பீர்கள். ம `k`-இல் இருக்கிறது, ஆ `q`-வில். மா என்றால் `k`, `q`. `k` கன்ட்ரோல் ஆகிவிட்டால் அது Ctrl+Q. கடையை மூடு.

`keyd` வேலை செய்யும் இடம் தமிழ் உள்ளீட்டுக்கும் கீழே. கீபோர்டிலிருந்து வரும் விசைகளை அது முதலில் பிடுங்கிக்கொண்டு, தான் முடிவு செய்ததை ஒரு பொய்க் கீபோர்டு வழியாக மேலே அனுப்புகிறது. அதற்குத் தெரிந்தது `k` மட்டும்தான். அது ம ஆவது அதற்கு அப்புறம் நடக்கிற கதை. அன்று மதியம் உட்கார்ந்து ம வரிசையை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். மி என்றால் Ctrl+S, சேமி. மீ என்றால் Ctrl+W, ஜன்னலை மூடு. மூ என்றால் வரி நடுவுக்குப் போகும், மை என்றால் வலது ஓரத்துக்கு. ம் என்றால் தேடல் பட்டை திறக்கும். ஒரு வாரமாக அந்தத் தேடல் பட்டை தானாக வந்து வந்து போனதற்கும், ஒரு மனுவில் ஒரு பத்தி வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றதற்கும் அப்போதுதான் காரணம் புரிந்தது.

ஆனால் எப்போதும் நடக்கவில்லையே, எப்போதாவதுதானே? அதைக் கண்ணால் பார்க்க `keyd`-யிலேயே வழி இருக்கிறது. முதலில் `sudo systemctl stop keyd` என்று சேவையை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அது மாற்றி அனுப்பியதைத்தான் காட்டும். பிறகு `sudo keyd monitor -t`. ஒவ்வொரு விசையும் எப்போது இறங்கியது, எப்போது எழும்பியது என்று மில்லிசெகண்டில் வரும். ‘மா’வை மட்டும் இருபது தடவை அடித்தேன். நேரங்களைக் கூட்டி எழுதி வைத்ததில் பெரும்பாலானவை இப்படி இருந்தன:

```
  0  k down
 80  q down
115  k up
160  q up
```

இது உருட்டல். முதலில் இறங்கியது முதலில் எழும்புகிறது. `overloadt2` இதைச் சரியாக எழுத்து என்றே எடுத்துக்கொள்ளும். ஆனால் இருபதில் மூன்று இப்படி:

```
  0  k down
 85  q down
140  q up
165  k up
```

`q` முழுசாக `k`-வின் வயிற்றுக்குள் இருக்கிறது. இடது சுண்டுவிரல் வலிக்கிற விரல், அது `q`-வைத் தொட்டுவிட்டு ஓடிவந்துவிடுகிறது. வலது நடுவிரல் சாவகாசமாக எழும்புகிறது. கருவியின் கண்ணுக்கு இது அப்பட்டமான Ctrl+Q. வேண்டுமென்றே Ctrl+Q அழுத்தினாலும் வடிவம் இதேதான். கருவியைக் குறை சொல்ல இடமில்லை.

200-ஐ 300 ஆக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகாது, ஏனென்றால் இங்கே முடிவைத் தீர்மானித்தது நேரமே அல்ல, உள்ளே விழுந்த `q`. நேரத்தை மட்டும் பார்க்கிற `overloadt`-டுக்கு மாறினேன். `k` 165-இல் எழும்பிவிட்டது, 200-ஐத் தொடவில்லை, ஆகவே எழுத்து. மா ஒழுங்காக வந்தது. மறுநாள் ஒரு சொத்து விவரம் முழுவதையும் தேர்வு செய்து, நகலெடுக்க `k`-வைப் பிடித்து `c`-யைத் தட்டினேன். என் அவசரத்துக்கு 200 மில்லிசெகண்ட் ஆகியிருக்கவில்லை. அதனால் அது Ctrl+C ஆகவில்லை, `k`, `c` என்று இரண்டு எழுத்தாகப் போனது. பன்னிரண்டு வரிச் சொத்து விவரம் இருந்த இடத்தில் ‘மொ’ என்று ஒரே எழுத்து. திரும்பக் கொண்டுவந்துவிட்டேன், ஆனாலும் அந்த ‘மொ’வை மறக்க முடியவில்லை.

## எதிர்க்கை விதி

அக்கா மகனுக்குப் போன் போட்டேன். அவன் சிரித்துவிட்டு, “மாமா, எங்களுக்கு இப்படி வராது. எதிர்க்கை விதி ஒண்ணு இருக்கு” என்றான். கீபோர்டுக்குள்ளேயே ஓடுகிற சில மென்பொருள்களில் இந்த ஏற்பாடு உண்டாம். அடுத்து விழும் விசை மறு கையில் இருந்தால் மட்டுமே பிடித்தது கன்ட்ரோல் ஆகும், அதே கையில் இருந்தால் எழுத்தாகவே விட்டுவிடும். ஆங்கிலத்தில் ஒரே கையில் உருளுகிற எழுத்துகள் நிறைய, அவற்றை எல்லாம் இது காப்பாற்றிவிடும்.

கேட்டவுடனே எனக்கு விஷயம் உறைத்தது. தமிழ்99-இல் உயிர் எல்லாம் இடது கை, மெய் பெரும்பாலும் வலது கை. கை மாறி மாறி அடித்தால் வேகம் வரும் என்றே 1999-இல் அப்படி வகுத்தார்கள். பெரும்பாலான உயிர்மெய்கள் வலதில் தொடங்கி இடதில் முடிகின்றன. புள்ளியும் இடதில்தான். அதாவது எதிர்க்கை விதி எதைக் கன்ட்ரோல் என்று சொல்லுமோ, சரியாக அதுதான் நமக்குக் கி, து, மா. ஆங்கிலக்காரர்களுக்குக் குடை, நமக்கு ஓட்டை. அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “அப்போ `lettermod` போட்டுப் பாருங்க மாமா” என்றான்.

`lettermod` கொஞ்சம் புத்திசாலி. பிடித்தது எவ்வளவு நேரம் என்று பார்ப்பதற்கு முன், இந்த விசைக்கு முந்தைய விசை எப்போது விழுந்தது என்று பார்க்கிறது. 150 மில்லிசெகண்டுக்குள் என்றால், ஆள் சரளமாக அடித்துக்கொண்டிருக்கிறார், இது எழுத்துத்தான் என்று காத்திருக்காமலே அனுப்பிவிடும். இடைவெளி விட்டு வந்தால் மட்டுமே பழைய `overloadt2` கணக்கு. சரளமாக அடிக்கும்போது தாமதமும் அடியோடு போய்விட்டது, அதுவே பெரிய நிம்மதி.

ஆனால் பெரியவரின் பத்திரத்தில் என்ன நடந்தது? ‘வேலூர்’ அடித்தேன், சேமித்தேன், ஒரு மூச்சு விட்டேன், ‘மா’. இடைவெளி விட்ட பிறகு வந்த ம. `lettermod` இருந்திருந்தாலும் கடை மூடித்தான் இருக்கும். ஒரு சொல்லை முடித்துவிட்டு யோசித்து அடுத்த சொல்லைத் தொடங்கும் இடம்தான் ஆபத்து, மாவட்டம், மனு, மனுதாரர் என்று என் தொழிலின் பாதிச் சொற்கள் அங்கேதான் தொடங்குகின்றன.

சொல் தொடங்கும் இடம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் எட்டாம் வகுப்புத் தமிழ் வகுப்பு ஞாபகம் வந்தது. மொழிமுதல் எழுத்துகள். எந்தெந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எது வராது என்று பிரம்பைக் காட்டி மனப்பாடம் செய்யவைத்த பாடம். ட, ண, ழ, ள, ற, ன இவை சொல்லுக்கு முதலில் வரவே வராது. புள்ளி வைத்த மெய்யும் வராது. ஆகவே புள்ளி விசையான `f` எப்போதுமே ஒரு மெய்யின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வரும். சரளமாக அடிக்கும்போது முந்தைய விசைக்கும் அதற்கும் நடுவே 150 மில்லிசெகண்ட் இடைவெளியே இருக்காது. இடைவெளி விட்டு நான் `f`-ஐயோ `i`-யையோ, அதாவது ன-வையோ, அழுத்தினால் அது தமிழாக இருக்க வாய்ப்பே இல்லை. அது நான் பிடிக்க நினைத்த பிடி. கருவிக்குத் தேவைப்பட்ட அந்த நிச்சயத்தை இலக்கணமே தருகிறது.

முதலில் ழ-வை எடுத்தேன், `/` விசை, அடிக்கடி வராத எழுத்தாயிற்றே என்று. அரை நாள்கூடத் தாங்கவில்லை. சர்வே எண்! ஆங்கிலத்துக்கு மாற்றி 145 என்று அடித்து, தாய்ப்பத்திரத்தில் உட்பிரிவைப் பார்த்து, `/`, 2. பார்ப்பதற்கு ஆன நேரமே இடைவெளி. `/` கன்ட்ரோல் ஆகி, 2 விழுந்தது Ctrl+2 ஆகி, லிப்ரே ஆபீஸ் அந்த வரியை இரண்டாம் நிலைத் தலைப்பாக்கிவிட்டது. ஒரு கிரயப் பத்திரத்தின் நடுவில் கொட்டை எழுத்தில் ‘145’, சாய்கோடும் இல்லை, உட்பிரிவும் இல்லை. பெரிதாகத் தெரிந்ததால் பிழைத்தேன். சத்தமில்லாமல் உட்பிரிவு மட்டும் விழுங்கப்பட்டிருந்தால் வேறொருவர் நிலத்துக்குப் பத்திரம் எழுதியிருப்பேன்.

எனவே ன-வுக்கும் புள்ளிக்கும் வந்தேன். இன்று வரை ஓடுவது இதுதான்:

```
[main]
capslock = overload(control, esc)
i = lettermod(control, i, 150, 200)
f = lettermod(nav, f, 150, 200)

[nav]
h = left
j = down
k = up
l = right
```

வலது நடுவிரலால் `i`-யைப் பிடித்தால் கன்ட்ரோல். நகல், ஒட்டு, சேமி எல்லாம் இடது கை எழுத்துகள் என்பதால் கை பிசகுவதில்லை. இடது ஆள்காட்டி விரலால் `f`-ஐப் பிடித்தால் வலது கையின் நடு வரிசை அம்புக்குறிகளாகிறது. கோப்பை மாற்றியதும் `sudo keyd reload`. ஏதாவது ஏடாகூடமாகி ஒன்றுமே அடிக்க முடியாமல் போனால், பேக்ஸ்பேஸ், எஸ்கேப், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் `keyd` தன்னை நிறுத்திக்கொள்ளும். இதை முதல் நாளே தெரிந்துவைத்திருப்பது உத்தமம். நான் மூன்றாம் நாள், மெயினை அணைத்துப் போட்ட பிறகு தெரிந்துகொண்டேன்.

இது முழுக்க வேகத்தை நம்பி நிற்கிற ஏற்பாடு. பழைய கையெழுத்துப் பத்திரத்தைப் பார்த்து எழுத்தெழுத்தாகப் படித்து அடிக்கும்போது ஒரு சொல்லின் நடுவிலேயே இடைவெளி விழுகிறது. அப்போது னு என்பது Ctrl+D ஆகி இரட்டை அடிக்கோடு வருகிறது. 1989-இல் மாவட்டம் பிரிவதற்கு முந்தைய ‘வட ஆற்காடு’ காலத்துப் பத்திரங்களில் இது வாரத்துக்கு ஒரு தடவையாவது நடக்கும். கடையில் புதிதாகச் சேர்ந்த பெண் இன்னும் கீபோர்டைப் பார்த்துத்தான் அடிக்கிறாள். அவளுக்கு எல்லா எழுத்துமே இடைவெளி விட்ட எழுத்துத்தான். ஒரு நாள் காலை முழுக்க அடிக்கோடு போட்டு, “அண்ணா, கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்திருக்கு” என்று வந்து நின்றாள். அவளுக்குத் தனிக் கீபோர்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, கோப்பின் தலையில் `[ids]`-க்குக் கீழே எல்லாக் கீபோர்டுக்கும் என்று இருந்த `*`-ஐ எடுத்துவிட்டு, `keyd monitor` காட்டிய என் கீபோர்டின் எண்ணை மட்டும் போட்டேன். அவள் கீபோர்டை `keyd` தொடுவதில்லை.

போன மாதம் ஒரு வாடகை ஒப்பந்தம். வீட்டுக்காரர் சாமான் பட்டியல் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டிருந்தேன். டியூப் லைட் நாலு, சீலிங் ஃபேன் மூன்று. அச்செடுத்த தாளைப் படித்த வீட்டுக்காரர் “இது என்ன சார்?” என்று விரலை வைத்தார். ‘சீலிங்’ என்பதோடு அந்த வரி நின்றிருந்தது. அதற்கு அடுத்த வரியில், முன்பே அடித்திருந்த முன்பணத் தொகைக்குப் பக்கத்தில், ‘ஏன்’ என்று இருந்தது. ஒரு நிமிஷம் எனக்கே புரியவில்லை. ஃபேன் என்றால் `f`, `j`, `t`, `i`, `f`. மெய்க்குப் பின்னால் புள்ளியாகிற அதே `f`, தனியாக வந்தால் ஆய்தம். சொல்லுக்கு முதலில் வராத ஆய்தம், ஆங்கிலத்துக்காக முதலில் வந்து நிற்கிற இடம். ‘சீலிங்’ என்று அடித்துவிட்டு அவர் வாயைப் பார்த்திருக்கிறேன், அது இடைவெளி. `f` பிடியாகி, `j` கீழ் அம்பாகி, கர்சர் ஒரு வரி இறங்கி, மிச்சமிருந்த மூன்று விசையும் ‘ஏன்’ ஆகிவிட்டது.

ஆய்தத்தை விட்டுவிட்டு எழுதலாமே என்றால், சீலிங் பேன் மூன்று என்று முத்திரைத்தாளில் எழுத மனம் வரவில்லை. இப்போதெல்லாம் மின்விசிறி என்றே அடிக்கிறேன்.